இரு கடைகள் கடற்கரையின் நடுவில் ஏன் ஒட்டிக்கொள்கின்றன?

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் கடற்கரை, கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைந்தது. அதில் நேராகக் கிடக்கும் ஒரு கிலோமீட்டர் மணற்பரப்பை மட்டும் தனியாக எடுத்துக்கொள்வோம். நகரத்தை நோக்கிய மேற்கு முனையைச் சுழியம் என்றும் சாங்கியை நோக்கிய கிழக்கு முனையை 1,000 மீட்டர் என்றும் குறித்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு மீட்டருக்கு ஒருவர் வீதம் 1,000 பேர் சீராகப் பரவி அமர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் இளநீர் வேண்டும். விற்க வந்தவர்கள் இருவர். இருவரும் விற்பது ஒரே இளநீர், கேட்பது ஒரே விலை. ஆகவே, வாங்க வருபவர் பார்ப்பது எந்தக் கடை பக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே. இந்நிலையில் இரு கடைக்காரர்களும் எங்கே நிற்பார்கள்?

கேள்வி எளியது. ஆனால் விடை பலர் எதிர்பார்ப்பதற்கு மாறானது: கடற்கரையைப் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டு விலகி நிற்பதற்குப் பதில், இருவரும் 500 மீட்டர் குறியில் அடுத்தடுத்து வந்து நிற்பார்கள். இதைக் கணித வடிவில் முதலில் எழுதியவர் அமெரிக்கப் பொருளியலாளரும் புள்ளியியலாளருமான ஹெரால்டு ஹோட்டலிங். 1929இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் கடற்கரை இல்லை. ஒரு நீண்ட கடைத்தெருவையோ ரயில் பாதையையோ நினைத்துக்கொள்ளும்படி அவர் வாசகரைக் கேட்டிருந்தார். கடற்கரையும் ஐஸ்கிரீம் வண்டியும் பின்னாளில் வகுப்பறைகளில் ஒட்டிக்கொண்டவை. உவமை மாறினாலும் கணக்கு மாறவில்லை.

கணக்கைப் படிப்படியாகப் பார்ப்போம். தொடக்கத்தில் மேற்குக் கடைக்காரர் 250 மீட்டரிலும் கிழக்குக் கடைக்காரர் 750 மீட்டரிலும் நிற்கிறார்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளி 500. அதற்கு மேற்கே இருக்கும் 500 பேர் ஒருவரிடமும் கிழக்கே இருக்கும் 500 பேர் மற்றவரிடமும் வாங்குகிறார்கள். யாரும் 250 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டியதில்லை. சராசரியாக ஒருவர் நடப்பது 125 மீட்டர். வந்தவர்களின் வசதியை மட்டும் பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

இப்போது மேற்குக் கடைக்காரர் தம் வண்டியை 100 மீட்டர் கிழக்கே தள்ளி 350இல் நிறுத்துகிறார். நடுப்புள்ளி 350க்கும் 750க்கும் இடையே 550க்கு நகர்கிறது. அவருக்கு முன்னால் புதிதாக 50 பேர் கிடைத்துவிட்டார்கள். முதுகுப் பக்கம் என்ன ஆயிற்று? மேற்கு முனையில் அமர்ந்திருப்பவர் முன்பு 250 மீட்டர் நடந்தார்; இப்போது 350 மீட்டர் நடக்க வேண்டும். அவருக்கு அது பிடிக்காது. ஆனால் மற்ற கடை 750 மீட்டர் தொலைவில் இருக்கிறது. முணுமுணுத்துக்கொண்டே அவர் இதே கடைக்குத்தான் வருவார். ஆக, உள்நோக்கி நகரும் ஒவ்வொரு மீட்டருக்கும் முன்பக்கம் அரை மீட்டர் லாபம்; பின்பக்கம் நட்டமே இல்லை. இந்தச் சிக்கல் முழுவதும் இந்த ஒரே இடத்தில்தான் அடங்கியிருக்கிறது. முதுகுப் பக்கத்து வாடிக்கையாளருக்குப் போக வேறு இடமில்லை என்பதால் அவரைப் பொருட்படுத்தாமல் நகர முடிகிறது.

கிழக்குக் கடைக்காரரும் இதே கணக்கைப் போடக்கூடியவர். 450 பேராகக் குறைந்துவிட்ட அவர் 360 மீட்டருக்கு வந்து நின்றால், பிரிவுக்கோடு 355 ஆகிறது. அதற்குக் கிழக்கே உள்ள 645 பேரும் அவருடையவர்கள். மேற்குக் கடைக்காரர் அவரைத் தாண்டி 370க்குப் போகிறார். அவர் இவரைத் தாண்டி 380க்குப் போகிறார். பெரிய பக்கத்தைப் பிடிக்க மாறி மாறித் தாண்டும் இந்த ஓட்டம், இரு பக்கமும் சமமாகும் 500இல் மட்டுமே நிற்கும். அங்கே இருவரும் ஒட்டி நிற்கும்போது ஒருவர் 480க்கு விலகிப் பார்த்தால், பிரிவுக்கோடு 490க்கு வந்து அவர் 10 பேரை இழக்கிறார். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இழப்புதான் என்பதால் இருவரும் அசைவதில்லை. தனியாக நகர்ந்து எவரும் பயன் பெற முடியாத இத்தகைய நிலையை ஆட்டக் கோட்பாட்டில் சமநிலை என்கிறார்கள்.

சமநிலை என்றால் நல்ல நிலை என்று பொருள் இல்லை. ஓட்டம் தொடங்கும் முன் ஒவ்வொருவருக்கும் 500 பேர். முடிந்த பிறகும் 500 பேர். கடைக்காரர்கள் ஒரு காசுகூடக் கூடுதலாகச் சம்பாதிக்கவில்லை. ஆனால் முனையில் இருப்பவர் 500 மீட்டர் நடக்கிறார். சராசரி நடை 125 மீட்டரிலிருந்து 250 மீட்டராக இரட்டித்துவிட்டது. யாருக்கும் பயனில்லாத இந்த விளைவுக்கு யாருடைய பேராசையும் காரணமில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மற்றவர் 350க்கு வந்துவிட்டபின் 750இலேயே நின்றுகொண்டிருக்கும் நல்ல மனிதர், தம் வாடிக்கையை விட்டுக்கொடுக்கிறார், அவ்வளவுதான். ஒருவர் மட்டும் ஒழுங்காக இருந்து இதை மாற்ற முடியாது.

கடைகள் கூடுவது மணலின் நடுவில் அல்ல, மனிதர்களின் நடுவில் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மக்கள் சீராகப் பரவியிருந்ததால்தான் இரண்டும் ஒன்றாகத் தோன்றின. உண்மையில் கார் நிறுத்துமிடத்துக்கும் கழிப்பறைக்கும் பக்கத்தில்தான் பாய்கள் நெருக்கமாக விரிக்கப்படும். 1,000 பேரில் 600 பேர் முதல் 200 மீட்டருக்குள் சீராக அமர்ந்திருக்கிறார்கள் என்றும், மீதி 400 பேர் எஞ்சிய 800 மீட்டரில் சிதறியிருக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். மேற்கிலிருந்து எண்ணிக்கொண்டே போனால் 500ஆவது ஆள் 167 மீட்டர் அருகே இருப்பார். இரு கடைகளும் அங்கேதான் போய் ஒட்டிக்கொள்ளும், நிலப்பரப்பின் நடு அங்கிருந்து 333 மீட்டர் தள்ளி இருந்தாலும். புள்ளியியலில் இடைநிலை அளவு எனப்படும் இந்தப் புள்ளிக்கு இரு பக்கமும் ஆட்கள் சரிபாதி. கிழக்குக் கோடியில் இருப்பவர் 833 மீட்டர் நடக்க வேண்டும். அவர் இன்னும் தள்ளிப் போனாலும் கடை அவருக்காக ஓர் அடியும் நகராது. அந்தப் பக்கம் எத்தனை பேர் என்பதே கணக்கில் வருகிறது, எவ்வளவு தொலைவு என்பது வருவதில்லை.

அமெரிக்காவின் இரு பெரிய கட்சிகளும் அன்று ஏன் ஒன்றுபோலவே பேசின, சந்தையில் கிடைக்கும் ஆப்பிள் சாறு ஏன் மிகப் புளிப்பாகவோ மிக இனிப்பாகவோ இருப்பதில்லை என்பவற்றையும் ஹோட்டலிங் இதே கோட்டில் வைத்துப் பேசினார். அந்தப் பாதை தனிக் கதை. நமக்கு இங்கே வேண்டியது, இந்த முடிவு எதை நம்பி நிற்கிறது, எதை எடுத்தால் சரிந்துவிடும் என்பது. என் பார்வையில் எல்லாமே அந்த முதுகுப் பக்கத்து வாடிக்கையாளரையே சார்ந்திருக்கிறது. அவர் எங்கும் போக மாட்டார் என்ற உறுதி குலைந்தால், நடுவில் கூடும் உந்துதலும் குலைகிறது. அது மூன்று வழிகளில் குலையலாம்.

முதல் வழி, அவர் வாங்காமலே இருந்துவிடுவது. இளநீருக்காக 250 மீட்டருக்கு மேல் யாரும் நடக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு பழைய கணக்கைத் திரும்பப் போடுவோம். மேற்குக் கடைக்காரர் 250இலிருந்து 350க்கு நகர்கிறார். முன்னால் 50 பேர் கிடைக்கிறார்கள். ஆனால் முதல் 100 மீட்டரில் இருந்த 100 பேர் தண்ணீர்ப் புட்டியைத் திறந்துகொண்டு பாயிலேயே இருந்துவிடுகிறார்கள். மொத்தம் 450 பேர்தான். ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் லாபம் என்றிருந்த கணக்கு, அரை மீட்டர் நட்டமாகத் திரும்பிவிட்டது. அவர் 250க்கே திரும்பிப் போவார், யாரும் சொல்லாமலே. நடக்கத் தயாராக உள்ள தொலைவு 400 மீட்டர் என்றால், கடைகள் 400இலும் 600இலும் நிலைகொள்ளும். நடுவை நோக்கி வரும், ஆனால் ஒட்டாது. 500 மீட்டரும் நடப்பார்கள் என்றால்தான் முழுமையாக ஒட்டிக்கொள்ளும். எனவே, எந்தப் பொருளுக்காக மக்கள் எவ்வளவு தூரம் நடப்பார்கள் என்று தெரியாமல் ஹோட்டலிங்கின் முடிவை எந்தத் தெருவிலும் பொருத்திப் பார்க்கக் கூடாது. மருந்து வாங்க எவ்வளவு தூரமும் போவார்கள். இளநீருக்கு அப்படிப் போக மாட்டார்கள்.

இரண்டாவது வழி, முதுகுப் பக்கம் வேறொருவர் வந்து நிற்பது. இருவர் 500இல் இருக்கும்போது மூன்றாமவர் 490இல் வண்டியை நிறுத்தினால், 495 வரையுள்ள அத்தனை பேரும் அவரிடம் போகிறார்கள். மீதி 505 பேரை முதல் இருவரும் பங்குபோட வேண்டும், ஆளுக்கு 252 அல்லது 253. அவர்களில் ஒருவர் உடனே வெளிப்பக்கமாகத் தாண்டிப் போவார், பிறகு இன்னொருவர். நடுவில் அகப்பட்டவர் எப்போதும் நசுங்குகிறார், நசுங்கியவர் எப்போதும் தாண்டுகிறார். மூன்று கடைகளுக்கு நிலையான இடமே கிடையாது என்பதை 1937இலேயே பொருளியலாளர்கள் அபா லெர்னரும் ஹான்ஸ் சிங்கரும் காட்டிவிட்டார்கள். நான்கு பேர் என்றால் மீண்டும் அமைதி திரும்புகிறது: 250இல் ஒரு சோடி, 750இல் ஒரு சோடி. ஆகவே, நடுவில் கூடுதல் என்பது இருவர் போட்டிக்கே உரியது. 'போட்டி வந்தால் எல்லோரும் நடுவுக்கு வருவார்கள்' என்ற பொதுவிதியாக அதை விரிப்பது தவறு.

மூன்றாவது வழிதான் மிக நுட்பமானது. ஹோட்டலிங்கே இதில் சறுக்கினார், அச்சறுக்கலை முழுமையாக எடுத்துக்காட்ட ஐம்பது ஆண்டுகள் ஆயின. அதுதான் விலை.

இதுவரை இருவரும் ஒரே விலைக்கு விற்றார்கள். இனி, விலையை அவரவரே வைத்துக்கொள்ளலாம் என்போம். இளநீரின் அடக்க விலை 1 வெள்ளி, விற்கும் விலை 3 வெள்ளி. 100 மீட்டர் நடக்கும் தொல்லையை ஒருவர் 20 காசாக மதிக்கிறார். கடைகள் 250இலும் 750இலும் இருக்கும்போது ஒருவர் 10 காசு குறைத்தால், பிரிவுக்கோடு 25 மீட்டர் நகர்கிறது. 525 பேருக்கு ஆளுக்கு 1 வெள்ளி 90 காசு லாபம், அதாவது மொத்தம் 997 வெள்ளி 50 காசு. குறைக்காமல் இருந்தாலே 500 பேரிடம் 1,000 வெள்ளி கிடைத்திருக்கும். பெரிதாகக் குறைத்து மற்றவருடைய முதுகுப் பக்கத்தையே பிடுங்கிவிடலாமா? இரு கடைகளுக்கும் இடையே 500 மீட்டர், அதாவது 1 வெள்ளிக்குரிய நடை. அதைவிட ஒரு காசாவது கூடுதலாகக் குறைத்தால்தான் அவர்கள் அசைவார்கள். 1,000 பேரும் வந்தாலும் ஆளுக்கு 99 காசு லாபம்தான், மொத்தம் 990 வெள்ளி. அதுவும் வீண். எனவே 3 வெள்ளி என்ற விலை அசையாமல் நிற்கிறது.

அதே கடைகளை 490க்கும் 510க்கும் கொண்டுவாருங்கள். இப்போது இடைவெளி 20 மீட்டர், 4 காசு மதிப்புள்ள நடை. மேற்கு முனையிலிருந்து 490 மீட்டர் நடந்து வந்தவருக்கு இன்னும் 20 மீட்டர் ஒரு பொருட்டே அல்ல. கிழக்குக் கடைக்காரர் 5 காசு குறைத்து 2 வெள்ளி 95 காசு என்று பலகை எழுதினால், மேற்குக் கடைக்காரரின் முன்பக்கம், முதுகுப்பக்கம் எல்லாமே மொத்தமாகத் தாவிவிடும். 1,000 வெள்ளி லாபம் 1,950 வெள்ளியாகிவிடும். மற்றவரும் உடனே குறைப்பார். நடுவில் கூடுவதற்குத் துணிவு தந்தது, முதுகுப் பக்கத்தார் நம்மை விட்டுப் போக மாட்டார்கள் என்ற உறுதி. கூடி முடித்தபோது அவர்களை நம்மோடு கட்டிவைத்திருப்பது வெறும் 4 காசு. கூடும் செயலே கூடுவதற்கான காரணத்தைத் தின்றுவிடுகிறது.

விலையைச் சிறிது சிறிதாக மாற்றினால் என்ன ஆகும் என்று மட்டும் ஹோட்டலிங் பார்த்தார். அப்படிப் பார்த்தால் 490இலும் 510இலும்கூட 3 வெள்ளியே சிறந்த விலையாகத் தெரியும். ஒரே தாவலில் எதிராளியின் மொத்தப் பக்கத்தையும் பிடிக்கும் குறைப்பு அவர் கணக்கில் உரிய இடம் பெறவில்லை. 1979இல் டாஸ்பிரமோன், காப்ஷேவிச், திஸ் ஆகிய பொருளியலாளர்கள் மூவர் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். நம் கடற்கரையின் அளவில் சொன்னால், முனைகளிலிருந்து சம தொலைவில் நிற்கும் இரு கடைகள் 250, 750 குறிகளைத் தாண்டி உள்ளே வந்தால், இருவரும் ஒட்டி நின்றாலன்றி, நிலையான விலை என்று எதுவும் இராது. முற்றிலும் ஒட்டி நின்றால் விலை அடக்க விலையான 1 வெள்ளிக்கே இறங்கிவிடும். நடையின் தொல்லை தொலைவைவிட வேகமாக, அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று எடுத்துக்கொண்டால், விலைப்போருக்கு அஞ்சி இருவரும் எதிரெதிர் முனைகளுக்கே ஓடுவார்கள் என்பதையும் அவர்கள் நிறுவினார்கள். முனைகளில் நின்றாலும் வந்தவர்களின் சராசரி நடை 250 மீட்டர்தான், நடுவில் ஒட்டி நின்றபோது இருந்த அதே அளவு.

ஆகவே, இரு கடைகள் நிம்மதியாக ஒட்டி நிற்பதைக் கண்டால், விலையில் அவர்கள் மோத முடியாதபடி ஏதோ ஒன்று தடுத்துக்கொண்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். விலை வெளியிலிருந்து கட்டப்பட்டிருக்கலாம்; இருவரும் பேசிவைத்திருக்கலாம்; அல்லது இருவர் விற்பதும் உண்மையில் ஒரே பொருள் அல்லாமல் இருக்கலாம்.

சிங்கப்பூரில் இதைப் பேசும்போது நண்பர்கள் இரண்டு சான்றுகளைக் காட்டுவதுண்டு. இரண்டுமே பொருந்தாதவை என்பது என் கருத்து. ஒன்று, அந்தப் பூங்காவிலேயே உள்ள ஈஸ்ட் கோஸ்ட் லகூன் உணவங்காடி நிலையம்: அத்தனை கடைகளும் ஓரிடத்தில் நெருங்கி நிற்கின்றனவே என்பார்கள். ஆனால் அக்கடைக்காரர்கள் யாரும் வண்டியைத் தள்ளித் தள்ளி அங்கே வந்து சேரவில்லை. தெருவோர வியாபாரிகளைத் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் வசதியும் உள்ள நிலையங்களுக்கு மாற்றிய காலத்திலிருந்து, இங்கே கடையின் இடத்தைத் தீர்மானிப்பது உரிமமும் திட்டமும்தான். ஹோட்டலிங்கின் கணக்கு, இடத்தைத் தாமே தெரிவு செய்பவர்களுக்கு உரியது.

மற்றொன்று, சிராங்கூன் சாலையில் வரிசையாக இருக்கும் நகைக்கடைகள். இங்கே இடத்தைக் கடைக்காரரே தெரிவு செய்கிறார் என்பது உண்மை. ஆனால் கூட்டத்தின் காரணம் வேறு. தாலிக்கொடி வாங்க வரும் குடும்பம் நாலு கடை ஏறி இறங்கி, செய்கூலி கேட்டு, வேலைப்பாட்டைப் பார்த்து, அதன் பிறகுதான் வாங்கும். அப்படி ஒப்பிட வசதி இருப்பதால்தான் அவர்கள் தெம்பனீஸிலிருந்தும் உட்லண்ட்ஸிலிருந்தும் அங்கே வருகிறார்கள். கடைகள் கூடுவதால் வாடிக்கையாளர் எண்ணிக்கையே பெருகுகிறது. நம் கடற்கரையில் அது 1,000 பேர் என்று கட்டப்பட்டது. இந்த இரு வகைக் கூட்டங்களையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு: பக்கத்துக் கடை ஒரு மாதம் மூடிக் கிடந்தால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். இளநீர்க் கடைக்காரரின் வியாபாரம் இரட்டிப்பாகும். நகைக்கடை வரிசையில் பாதிக் கடைகள் மூடிவிட்டாலோ, எஞ்சிய கடைகளுக்கும் ஆள் வரத்துக் குறைந்துவிடும்.

இடத்தை ஒதுக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கும் ஊரில் இந்தக் கணக்குக்கு நேரடியான பயன் ஒன்று உண்டு. 250இலும் 750இலும் இரண்டு உரிமங்கள் தந்து, அங்கிருந்து நகரக் கூடாது என்று விதித்தால், கடைக்காரர்கள் தாமாகச் செய்ய முடியாத ஒன்று நடந்துவிடுகிறது: அவர்களுக்கு எந்த இழப்பும் இல்லாமல் மக்களின் நடை பாதியாகக் குறைகிறது. பாடநூல்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. விலையையும் சேர்த்துப் பார்த்தால் நிறுத்த முடியாது. தள்ளித் தள்ளி நிற்கும் கடைகளில் விலை 3 வெள்ளியில் அசையாமல் நிற்கிறது. ஒட்டி நின்று விலையில் மோதினால் அது 1 வெள்ளி வரை இறங்கும். மக்கள் சராசரியாக மிச்சப்படுத்தும் நடை 125 மீட்டர், அதன் மதிப்பு 25 காசு. அதற்காக அவர்கள் கூடுதலாகக் கொடுக்கும் விலை 2 வெள்ளி வரை போகலாம். எனவே கடைகளைப் பிரித்து வைக்கும் அதிகாரி, உரிமத்தில் இடத்தை எழுதும் அதே கையால் விலைக்கும் ஓர் உச்சவரம்பு எழுத வேண்டும். அல்லது ஒவ்வொரு குறியிலும் இரண்டு கடைகளுக்கு இடம் தர வேண்டும்; அப்போது நடையும் 125 மீட்டராக இருக்கும், பக்கத்திலேயே போட்டியாளர் நிற்பதால் விலையும் இறங்கும். நான்கு வண்டிகளுக்கு 1,000 பேர் போதுமா, ஆளுக்கு 250 இளநீர் விற்று அந்த மெல்லிய லாபத்தில் உரிமக் கட்டணத்தையும் அன்றாடச் செலவையும் ஈடுகட்ட முடியுமா என்பதே அதிகாரி அடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு.